உரைகல் சொல்வதும் காரட்மீட்டர் காண்பதும்

கோலார் தங்கவயலில் 1880 முதல் பிரிட்டிஷ் நிறுவனமான ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நவீன முறையில் தொடங்கிய சுரங்கப்பணி, 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்படும் வரை நூற்றிருபது ஆண்டுகள் நடந்து, ஏறத்தாழ 800 டன் தங்கத்தைத் தந்தது. கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையில் கிடைத்த தங்கம் சில கிராம் மட்டுமே என்பதால், எந்தப் பாறைமுகத்தைத் தொடர்ந்து வெட்டுவது, எதைக் கைவிடுவது என்ற முடிவு கண்ணால் பார்த்து எடுக்கப்பட்டதன்று; சுரங்கத்தின் சோதனைக்கூடத்தில் மாதிரிப் பாறையைப் பொடித்து, ஈய ஆக்சைடோடும் சோடாவோடும் வெண்காரத்தோடும் உருக்கி, உருகிய ஈயம் பாறையிலிருந்து திரட்டி எடுத்த தங்கத்தைப் பிரித்து, நுண்தராசில் நிறுத்த பிறகே எடுக்கப்பட்டது. நெருப்பால் பிரித்து எடையால் முடிவு சொல்லும் இந்த முறைக்குப் புடச்சோதனை என்று பெயர்.

அதே உலோகம் நகையாகி ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருக்களின் விற்பனைப் பலகைக்கோ அடகுப் பலகைக்கோ வரும்போது அதன் தரத்தைச் சொல்பவை வேறு கருவிகள். ஒரு பக்கம் கறுப்பு உரைகல்லும் திராவகமும். மறுபக்கம் முப்பது நொடியில் 91.62 என்று இரண்டு தசம இலக்கங்களோடு எண் காட்டும் எந்திரம். இவற்றில் எது துல்லியமானது என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்ல இயலாமல் போவதற்குக் காரணம், ஒவ்வொன்றும் நகையின் எந்தப் பகுதியை, எவ்வளவு ஆழத்துக்குப் பார்க்கிறது என்பது வேறுபடுவதே ஆகும். அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாதவருக்கு, சரியாக வேலை செய்யும் எந்திரமே தவறான விலையைக் கொடுத்துவிடக்கூடும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். எக்ஸ்ஆர்எஃப் எந்திரமும் காரட்மீட்டரும் இரு வேறு கருவிகள் என்று பலரும் எண்ணுகின்றனர். 1990களின் பிற்பகுதியில் தனிஷ்க் கடைகள் வாடிக்கையாளர் கண்முன் நகையை அழிக்காமல் சோதித்துக் காட்ட வைத்ததால் இந்தியாவில் பரவிய காரட்மீட்டர் என்ற பெயர், எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் இயங்கும் எந்திரத்தையே குறிக்கிறது. ஆகவே உண்மையான ஒப்பீடு இந்த இரு பெயர்களுக்கு இடையில் இல்லை. அந்த எந்திரத்தின் உள்ளே இருக்கும் கதிர் உணரிகளுக்கு இடையில்தான் இருக்கிறது. மின்முனையை நகைமீது தொட்டு மின்வேதி வினையின் அளவை வைத்துக் காரட் சொல்லும் சிறு கையடக்கக் கருவிகளும் சந்தையில் உண்டு. அவை நகை தங்கமா போலியா என்று தோராயமாகப் பிரிப்பதற்கு உதவுமே தவிர, விலை நிர்ணயிப்பதற்குப் போதாதவை.

கல்லின் எல்லை

உரைகல் என்பது நுண்துகள்கள் நெருக்கமாக இறுகிய, சிலிக்கா மிகுந்த, அமிலத்தால் அரிக்கப்படாத கறுப்புக் கல் ஆகும். அர்த்தசாஸ்திரம் உரைகல்லின் வகைகளையும், கல்மீது பொடி தூவி மாற்றை உயர்த்திக் காட்டும் மோசடியையும் விவரிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், இறைவனுக்கு அளித்த பொன்னின் எடையை ஆடவல்லான் என்னும் கல்லாலும், தரத்தைத் தண்டவாணி என்னும் அளவாலும் குறிக்கின்றன. தரம் அறிந்த பொன்னால் செய்த ஆணிகளோடு ஒப்பிட்டு மாற்று கண்ட அந்த மரபில் பத்தரை மாற்று என்பது கலப்பற்ற தங்கத்தைக் குறித்தது. இன்றைய கணக்கில் அது ஆயிரம் பங்குக்கு ஆயிரம், அதாவது 24 காரட்.

சோதனை இப்படி நடக்கிறது. கல்லைச் சுத்தம் செய்து லேசாக எண்ணெய் தடவித் துடைத்த பின், நகையின் மறைவான ஓர் இடத்தை அதன்மீது இழுத்து ஒரு கோடு வரையப்படுகிறது. அதன் இருபுறமும் 22 காரட், 20 காரட், 18 காரட் என்று தரம் அறிந்த ஆணிகளால் கோடுகள் வரையப்படுகின்றன. பிறகு எல்லாக் கோடுகளையும் குறுக்கே தொடும்படி திராவகம் இடப்படுகிறது. தரம் குறைந்த தங்கத்துக்கு நைட்ரிக் அமிலம் மட்டும் போதும். 18 காரட்டுக்கு மேலே அடர் நைட்ரிக் அமிலத்தோடு சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த கலவை தேவைப்படுகிறது. எந்தக் கோடு எவ்வளவு வேகமாக நிறம் மங்குகிறது, எது நிலைத்து நிற்கிறது என்பதை ஒப்பிட்டு, நகையின் கோடு எந்த ஆணியின் கோட்டை ஒத்திருக்கிறதோ அதுவே அதன் தரமாகக் கொள்ளப்படுகிறது.

இந்த முறை நன்றாக வேலை செய்வது 14 முதல் 18 காரட் வரையிலான தங்கத்தில் ஆகும். அங்கே செம்பும் வெள்ளியும் தாராளமாக இருப்பதால் அமிலம் வேறுபாட்டை விரைவாக வெளிக்காட்டும். 22 காரட்டை நெருங்கும்போது கோட்டில் அமிலம் அரிக்க வேண்டிய கலப்பே குறைவாக இருப்பதாலும், தங்கத்தையே கரைக்கும் அளவுக்கு வலிமையான கலவை பயன்படுவதாலும், 916 தரத்துக்கும் 900 தரத்துக்கும் இடையிலான வேறுபாட்டைக் கண்ணால் பிரிப்பது கைதேர்ந்தவருக்கும் கடினமாகிறது. நல்ல ஆணிகளும் நல்ல வெளிச்சமும் பழகிய கையும் உள்ளபோது ஆயிரத்துக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை பிழை ஏற்படும் என்று கொள்வதே நேர்மையான மதிப்பீடு. ஒரு காரட் என்பது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 42 பங்கு என்பதால், உரைகல்லின் பிழை கால் முதல் அரை காரட் வரை ஆகிறது. தென்னிந்தியாவில் விற்கப்படும் நகைகளில் மிகப்பெரும்பான்மை 22 காரட் என்பதை எண்ணினால், கல் மிகவும் பலவீனமாக உள்ள இடத்திலேயே அது அதிகமாகப் பயன்படுத்தப்படுகிறது என்பது விளங்கும்.

நிறத்தாலும் ஏமாற்றம் வரும். ஒரே 22 காரட் நகையில் வெள்ளி மிகுந்தால் கோடு வெளிறும், செம்பு மிகுந்தால் சிவக்கும். எனவே நகையின் நிறத்துக்கு ஒத்த கலப்பு கொண்ட ஆணியோடு ஒப்பிடாவிட்டால் பிழை பெருகும். ஆனாலும் கல்லுக்கு ஒரு பலம் உண்டு, அதை எந்திரம் வந்த பிறகு பலரும் மறந்துவிட்டனர். அழுத்தி இழுத்தால், அல்லது அரத்தால் சிறிது அராவிய இடத்தில் உரைத்தால், கல் முலாமைக் கடந்து உள்ளே இருக்கும் உலோகத்தைத் தொட்டுவிடும். முலாம் பூசிய செம்பு நகையை அடையாளம் காண்பதற்கு இன்றும் இதைவிட விரைவான, மலிவான வழி இல்லை.

கதிர் எவ்வளவு ஆழம் போகிறது

எக்ஸ்ஆர்எஃப் எந்திரத்தில் ஒரு கதிர்க்குழாய் நகையின் ஒரு சிறு புள்ளியில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சுகிறது. அந்தக் கதிர் அணுக்களின் உள்வட்ட எலக்ட்ரான்களை வெளியேற்ற, காலியான இடத்தை நிரப்பும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிர் வீசுகிறது. தங்கம் 9.7 கிலோ எலக்ட்ரான்வோல்ட், செம்பு 8.0, துத்தநாகம் 8.6, வெள்ளி 22.2 என்று இந்த ஆற்றல்கள் நிலையானவை. உணரி அவற்றை எண்ணுகிறது. மென்பொருள் அந்த எண்ணிக்கையை, தரம் அறிந்த மாதிரிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுச் சதவீதமாக மாற்றுகிறது.

தங்கம் மிகவும் அடர்த்தியானது என்பதால் தன்னிடமிருந்து எழும் இந்தக் கதிரையே தான் விழுங்கிக்கொள்கிறது. வெளியே வந்து உணரியை அடைவது மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ பத்து மைக்ரான் ஆழத்துக்குள் பிறந்த கதிர் மட்டுமே. மனிதத் தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு அது. அதற்குக் கீழே செம்பு இருந்தாலும் டங்ஸ்டன் இருந்தாலும் எந்திரத்துக்குத் தெரியாது. தடித்த முலாம் பூசிய நகையை அது உயர்தரத் தங்கம் என்று காட்டுவது பழுதினால் அன்று. தனக்குத் தெரியும் பகுதியை அது சரியாகவே அளந்திருக்கிறது. முலாம் இல்லாத நேர்மையான நகையிலும் சிறிய அளவில் இது நிகழும்: அமிலத்தில் தோய்த்து மெருகேற்றும்போது மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்துபோவதால், புதிய நகையின் தோல் அதன் உடலைவிடச் சற்று உயர்ந்த தரம் காட்டும்.

எண்ணின் துல்லியம் உணரியைப் பொறுத்தது. மலிவான பழைய காரட்மீட்டர்களில் இருக்கும் வாயு உணரியால், ஏறத்தாழ ஒரு கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் குறைவான இடைவெளியில் அமைந்த இரு கதிர்களைத் தெளிவாகப் பிரிக்க முடியாது. செம்பும் துத்தநாகமும் தங்கமும் அதன் பார்வையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, கணக்கால் பிரிக்கப்பட வேண்டியவையாகின்றன. சிலிக்கான் டிரிஃப்ட் உணரி கொண்ட புதிய எந்திரங்கள் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்த இடைவெளியையே பிரித்தறிகின்றன. தட்டையான, சீரான கலப்புடைய, 22 காரட் தர மாதிரியால் அன்றன்று சரிபார்க்கப்பட்ட புதிய எந்திரத்தில் ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று பங்கு பிழை எதிர்பார்க்கலாம். வளைந்த, மணி கோத்த, பற்றுவைத்த நகையை வைக்கும்போது கதிர் விழும் கோணமும் தூரமும் மாறுவதால் அது ஐந்தாகவும் அதற்கு மேலும் போகலாம். வாயு உணரியில் பத்து வரை போகும். ஆகவே 91.62 என்று திரையில் தெரியும் கடைசி இலக்கத்துக்கு நகைக்கடை நிலைமையில் பொருளே இல்லை. ஒரே புள்ளியில் மூன்று முறை வைத்து மூன்று முறையும் ஒரே எண் வந்தால், எந்திரம் தன் சொல் மாறாமல் இருக்கிறது என்பது மட்டுமே உறுதியாகிறது. அந்தச் சொல் சரிதானா என்பது தர மாதிரியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னும் நுட்பமான ஓர் ஆபத்து மென்பொருளில் இருக்கிறது. பல எந்திரங்கள் தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகம் முதலிய தங்கள் பட்டியலில் உள்ள தனிமங்களின் கூட்டுத்தொகை நூறு என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுகின்றன. பட்டியலில் இல்லாத ஒன்று நகையில் இருந்தால் அதன் பங்கு மற்றவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிடும். தங்கத்தோடு இரிடியம், ருத்தேனியம் போன்ற உலோகப் பொடிகளைக் கலக்கும் மோசடி இந்த இடுக்கில்தான் நுழைகிறது. இரிடியத்தின் கதிர் 9.2 கிலோ எலக்ட்ரான்வோல்ட், தங்கத்துக்கு மிக அருகில். வாயு உணரிக்கு இரண்டும் ஒன்றே. அடர்த்தியும் தங்கத்தின் 19.3ஐ விஞ்சி 22.6 என்று இருப்பதால் நீரில் எடைபோட்டுப் பார்க்கும் சோதனையும் ஐயம் எழுப்பாது. இப்பொடி தங்கத்தில் கரையாமல் மணல்போல் சிதறி நிற்பதால், மணிகளுக்கு இடையிலுள்ள தங்கத்தை உரைகல் தொட்டு நல்ல மாற்று என்று சொல்லிவிடும். நல்ல உணரியோடு, இந்தத் தனிமங்களையும் பட்டியலில் சேர்த்துள்ள எந்திரமே இதைப் பிடிக்கிறது. திரையில் தங்கத்தின் எண்ணை மட்டும் பார்க்காமல் எல்லாத் தனிமங்களின் வரிசையையும் காட்டச் சொல்லிக் கேட்பதற்கு இதுவே காரணம்.

ஐந்து பவுன் சங்கிலி

இந்த வேறுபாடுகள் ஒரு குடும்பத்தின் கணக்கில் என்னவாகும் என்பதை ஐந்து பவுன், அதாவது 40 கிராம் எடையுள்ள ஒரு பழைய சங்கிலியை வைத்துக் கணக்கிடலாம். 916 தரம் என்றால் அதில் 36.64 கிராம் சொக்கத் தங்கம் இருக்க வேண்டும். உரைகல்லின் பிழையை ஆயிரத்துக்குப் பதினைந்து என்று கொண்டால், 0.6 கிராம் சொக்கத் தங்கம் கூடவோ குறையவோ மதிப்பிடப்படலாம். எக்ஸ்ஆர்எஃப் எந்திரத்தின் பிழையை மூன்று என்று கொண்டால் அது 0.12 கிராம், புடச்சோதனையில் அது 0.02 கிராமைத் தாண்டாது.

எனினும் கருவியின் பிழையைவிடப் பெரிய வேறுபாடு பற்றுவைத்த இடங்களிலிருந்து வருகிறது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் இணைக்கப் பொற்கொல்லர் பயன்படுத்தும் பொடி, நகையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும் என்பதால் மரபாகத் தரம் குறைந்த தங்கத்தாலேயே செய்யப்பட்டது. சங்கிலியில் 38 கிராம் 916 தரக் கம்பியும், 2 கிராம் 700 தரப் பொடியும் இருப்பதாகக் கொண்டால், சொக்கத் தங்கம் 34.81 கிராமும் 1.40 கிராமும் சேர்ந்து 36.21 கிராம் ஆகும். 40ஆல் வகுத்தால் கிடைப்பது 905 தரம். காரட்மீட்டர் கண்ணியின் நடுவில் வைத்தால் 916 என்று காட்டும். கடைக்காரர் அதே சங்கிலியை உருக்கிக் கட்டியாக்கி அதே எந்திரத்தில் வைத்தால் 905 என்று காட்டும். இரண்டும் சரியான அளவுகளே. விற்பவர் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டும் வாங்குபவர் இரண்டாவது எண்ணைக் காட்டியும் நடக்கும் சச்சரவுகளில், இருவரும் ஒரே பொருளின் இரு வேறு பகுதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றனர் என்பதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

கேடிஎம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட நகைகள் தோன்றியது இதைத் தீர்ப்பதற்காகத்தான். ஏறத்தாழ 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு காட்மியம் சேர்த்த பொடி எளிதில் உருகும், தரமும் குறையாது. ஆனால் ஊதும்போது எழும் காட்மியப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அழிக்கும் நஞ்சு என்பதால், அதன் முழு விலையையும் கொடுத்தவர்கள் பட்டறையில் குனிந்து ஊதிய பொற்கொல்லர்களே. இந்தியத் தர நிர்ணய அமைவனம் காட்மியப் பற்றை விலக்கியது சரியான முடிவு. அது இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

இறுதி அளவுகோல்

சுரங்கத்தில் பாறைக்குப் பயன்பட்ட அதே நெறியே நகைக்கும் இறுதி அளவுகோலாக நிற்கிறது. நகையிலிருந்து சுரண்டியோ வெட்டியோ எடுத்த கால் கிராம் அளவு மாதிரியைத் துல்லியமாக நிறுத்து, தங்கத்தைப்போல் இரண்டரை மடங்கு வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுருட்டி, முன்பு எலும்புச் சாம்பலாலும் இப்போது மக்னீசியாவாலும் செய்யப்படும் நுண்துளைக் கிண்ணத்தில் வைத்து ஆயிரம் பாகைக்கு மேல் சூடேற்றுகின்றனர். ஈயமும் செம்பும் ஆக்சைடாகிக் கிண்ணத்துக்குள் உறிஞ்சப்பட, தங்கமும் வெள்ளியும் மட்டும் ஒரு மணியாக எஞ்சுகின்றன. அந்த மணியைத் தட்டி, உருளையில் தகடாக்கி, சுருட்டி, நைட்ரிக் அமிலத்தில் இருமுறை கொதிக்கவைத்தால் வெள்ளி கரைந்துபோகிறது. மிஞ்சிய தங்கச் சுருளைக் கழுவி, பழுக்கக் காய்ச்சி நிறுத்தால் விடை கிடைக்கிறது. கூடவே தூய தங்க மாதிரியையும் அதே உலையில் இட்டு, செய்முறையில் ஏற்படும் சிறு இழப்பையும் கணக்கில் சேர்க்கின்றனர். இதன் பிழை ஆயிரத்துக்கு அரைப் பங்குக்கும் குறைவு. இரிடியம் கலந்திருந்தால் அது நைட்ரிக் அமிலத்திலும் கரையாமல் தங்கத்தோடேயே தங்கி எடையைக் கூட்டிவிடும் என்பது உண்மை. ஆனால் சுருளில் தெரியும் கரும்புள்ளிகள் பழகிய சோதகருக்கு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

2000ஆம் ஆண்டில் தொடங்கி, 2021 ஜூன் முதல் நாட்டின் 256 மாவட்டங்களில் கட்டாயமாக்கப்பட்ட ஹால்மார்க் முறை இந்த இரு நெறிகளையும் வரிசைப்படுத்தியிருக்கிறது: எக்ஸ்ஆர்எஃப் எந்திரத்தால் நகைத்தொகுதி சீராக இருக்கிறதா என்று முதலில் சலித்துப் பார்த்து, பிறகு அதிலிருந்து எடுத்த மாதிரியைப் புடச்சோதனைக்கு அனுப்புகின்றனர். 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க ஹெச்யுஐடி எண் இல்லாமல் ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. எனினும் தொகுதியிலிருந்து சில நகைகள் மட்டுமே புடத்துக்குப் போகின்றன என்பதால், கையிலிருக்கும் குறிப்பிட்ட நகை புடமிடப்பட்டதாகப் பொருள் கொள்ளக் கூடாது. ஐயம் உள்ளவர், அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் கட்டணம் செலுத்தித் தம் நகையையே சோதிக்கக் கொடுக்கலாம். ஹால்மார்க் நகையில் தரம் குறைந்தது உறுதியானால், 2018ஆம் ஆண்டு அமைவன விதிகளின்படி, குறைவுக்குரிய தொகையின் இரு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் விற்றவர் தர வேண்டும்.

சுரங்கம் மூடிய பின் தங்கவயலின் பல குடும்பங்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருவுக்கு வேலைக்குப் போய்த் திரும்புகின்றன. இத்தகைய ஊரில் ஹால்மார்க் இல்லாத பழைய நகை பெரும்பாலும் விற்கப்படுவதில்லை. பள்ளிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ அடகு வைக்கப்பட்டு மீட்கப்படுகிறது. அங்கே நகை மதிப்பீட்டாளர் கல்லில் உரைத்துச் சொல்லும் மாற்றே கடன் தொகையைத் தீர்மானிக்கிறது. 22 காரட்டை 20 என்று எழுதிவிட்டால் ஐந்து பவுனில் ஏறத்தாழ 3.3 கிராம் சொக்கத் தங்கத்தின் மதிப்பு கணக்கிலிருந்து மறைந்துபோகும். அந்த அளவு தவறு கல்லின் இயல்பான பிழைக்குள் அடங்காது என்பதை அறிந்தவர், மறுபடி உரைக்கச் சொல்லிக் கேட்கலாம். 2025இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட தங்கக் கடன் நெறிமுறைகள், மதிப்பீட்டின்போது கடன் பெறுபவர் உடனிருக்க வேண்டும் என்றும், நகையின் தரமும் எடையும் கழிவும் எழுதிய சான்று அவருக்குத் தரப்பட வேண்டும் என்றும் கூறுகின்றன. அந்தச் சான்றில் தரத்தோடு, அது கல்லால் கண்டதா, கதிரால் கண்டதா, நகையின் எந்த இடத்தில் கண்டது என்பதையும் எழுதித் தரும்படி கேட்டுப் பெறுவது கடன் பெறுபவருக்கு நல்லது. பின்னால் வேறொரு கடையில் வேறொரு எண் வந்தால், முரண்பாடு நகையில் இருக்கிறதா அளந்த இடத்தில் இருக்கிறதா என்பதை அந்த ஒரு வரி கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.